கையில் 5 லட்சம்: தவணையைக் குறைப்பதா, வருடங்களைக் குறைப்பதா?

பெருங்களத்தூர், முடிச்சூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. தாம்பரத்தைச் சுற்றி இந்த ஊர்களில் எழுந்திருக்கும் அடுக்குமாடிகளில் கடன் இல்லாமல் வாங்கிய வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நகரத்துக்குள் வாங்க முடியாதவர்கள் மின்சார ரயிலை நம்பி இங்கே வந்தார்கள். சம்பளம் ஏறும் என்று நம்பி 20 வருடக் கடனில் கையெழுத்துப் போட்டார்கள். நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள் கையில் கொஞ்சம் பணம் சேர்கிறது. சீட்டு எடுத்திருப்பார்கள், போனஸ் வந்திருக்கும், ஊரில் இருந்த நிலத்தில் ஒரு பங்கு விற்றிருக்கும். அப்போதுதான் வீட்டில் பேச்சு தொடங்குகிறது: இந்தப் பணத்தைக் கடனில் போடலாமா? போட்டால் மாதத் தவணை குறையுமா, வருடங்கள் குறையுமா? இன்னும் கொஞ்சம் புரட்டி மொத்தக் கடனையும் முடித்துவிட்டால் என்ன?

இந்தக் கேள்விகளுக்கு வாய்வழியாகப் பல பதில்கள் உலவுகின்றன. அவற்றில் சில தவறானவை, சில பாதி உண்மை. ஒரே ஒரு கடனைக் கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும்.

5 வருடம் கட்டியது எங்கே போனது?

ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றுக்கு வாங்கிய கடன் 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 8.5%, காலம் 20 வருடம். மாதத் தவணை 34,713 ரூபாய். கணக்கு எளிதாக இருக்க, வட்டி விகிதம் மாறவில்லை என்றும் கொள்வோம்.

முதல் மாதத் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 6,380 ரூபாய் மட்டுமே. மாதா மாதம் இந்த விகிதம் அசலுக்குச் சாதகமாக நகரும், ஆனால் மிக மெதுவாக. 5 வருடத்தில், அதாவது 60 தவணைகளில், இந்தக் குடும்பம் கட்டியது ஏறத்தாழ 20.83 லட்சம். அதில் அசலில் கழிந்தது 4.75 லட்சம்தான். பாக்கி அசல் இன்னும் 35.25 லட்சம் நிற்கிறது.

இந்த எண்ணைக் கணக்கு அறிக்கையில் முதல்முறை பார்ப்பவர்கள் வங்கி ஏமாற்றிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஏமாற்று எதுவும் இல்லை. நிலுவையில் இருக்கும் அசலுக்கு அந்த மாத வட்டியை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியை அசலில் கழிப்பதுதான் சம தவணைக் கடனின் அமைப்பு. அசல் பெரிதாக இருக்கும் ஆரம்ப வருடங்களில் வட்டியும் பெரிதாகத்தான் இருக்கும்.

இதே அமைப்பில்தான் பார்ட் பேமென்ட்டின் பலமும் இருக்கிறது. தவணைக்கு மேல் கட்டும் தொகையில் வட்டிக்குப் பங்கில்லை. அன்றைய தேதிவரையான வட்டி தனியே கணக்கில் நிற்க, கட்டிய தொகை முழுக்க அசலில் கழிகிறது. 5 வருடம் மாதம் தவறாமல் கட்டி அசலில் குறைத்தது 4.75 லட்சம். ஒரே நாளில் கட்டும் 5 லட்சம் அதைவிட அதிகமாகக் குறைத்துவிடுகிறது.

இரண்டு வழிகள்

61-ஆவது மாதம் இந்தக் குடும்பம் 5 லட்சத்தைக் கட்டுகிறது. பாக்கி 30.25 லட்சம் ஆகிறது. இனி இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, தவணையை அப்படியே 34,713 ரூபாயாக வைத்துக்கொண்டு காலத்தைக் குறைப்பது. 180 மாதம் இருந்த கடன் 136 மாதத்தில் முடிகிறது. 3 வருடம் 8 மாதம் மிச்சம். இனிமேல் கட்ட வேண்டியிருந்த வட்டியில் சுமார் 10.25 லட்சம் குறைகிறது.

இரண்டாவது வழி, காலத்தை 180 மாதமாகவே விட்டுவிட்டுத் தவணையைக் குறைப்பது. புதிய தவணை 29,789 ரூபாய். மாதம் 4,924 ரூபாய் கையில் நிற்கும். வட்டியில் மிச்சமாவது சுமார் 3.86 லட்சம்.

10.25 லட்சம் எங்கே, 3.86 லட்சம் எங்கே! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, 'காலத்தைக் குறைப்பதே லாபம், தவணையைக் குறைப்பவர் ஏமாளி' என்று சொல்பவர்கள் நிறைய. அந்தத் தீர்ப்பு பாதி உண்மைதான். முதல் வழியில் அதிகமாக மிச்சமாகும் 6 லட்சத்துச் சொச்சம் இந்த 5 லட்சம் சம்பாதித்துத் தந்தது அல்ல. அந்த வழியில் போகிறவர் மாதம் 4,924 ரூபாயைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டே போகிறார். இரண்டாவது வழியில் போகிறவர் அந்தத் தொகையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். அவரும் குறைந்த தவணை போக அதே 4,924 ரூபாயை மாதா மாதம் அசலில் கட்டிவந்தால், அவருடைய கடனும் அதே 136 மாதத்தில் முடியும். வட்டி மிச்சமும் அதேதான்.

ஆகவே இரண்டு வழிகளிலும் அந்த 5 லட்சம் செய்யும் வேலை ஒன்றே. வருடத்துக்கு 8.5% வட்டியை, அதாவது முதல் வருடத்தில் மட்டும் சுமார் 42,500 ரூபாயை, நீங்கள் கட்டாமல் தவிர்க்க வைக்கிறது. வித்தியாசம் மாதம் மிஞ்சும் பணத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

கணவன், மனைவி இரண்டு பேருக்கும் நிலையான வேலை, சம்பளம் ஏறுமுகம், இப்போதைய தவணை பாரமாக இல்லை என்றால் காலத்தைக் குறைப்பதுதான் நல்லது. மாதம் மிஞ்சும் 4,924 ரூபாயைத் தவறாமல் எடுத்துக் கடனில் போடும் ஒழுங்கு பெரும்பாலான வீடுகளில் நிலைப்பதில்லை. தவணை என்ற கட்டாயம் அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடு, அடுத்த வருடம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், ஒப்பந்த வேலை என்றால் தவணையைக் குறைத்துக்கொள்வதில் தவறே இல்லை. நல்ல மாதங்களில் கூடுதலாகக் கட்டலாம், மோசமான மாதத்தில் 29,789 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2021-ல் வாங்கியவர்களின் கதை

காலத்தைக் குறைப்பது யாருக்கு அவசரத் தேவை என்றால், 2020, 2021-ஆம் ஆண்டுகளில் குறைந்த வட்டியில் கடன் வாங்கியவர்களுக்கு. கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவிகிதத்தில் நின்றது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவிகிதத்தைத் தொட்டது. 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் தரும் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை என்பதால், அந்த இரண்டரைச் சதவிகிதம் அப்படியே கடன்காரர்மேல் இறங்கியது.

தவணை ஏறினால் வீட்டில் சத்தம் வரும். காலம் நீண்டால் யாருக்கும் தெரியாது. பல கடன்களில் தவணை மாறவில்லை, மாதங்கள்தான் கூடின. 6.75% வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கிய 40 லட்சத்துக்குத் தவணை 30,415 ரூபாய். இரண்டு வருடம் கட்டியபின் பாக்கி 37.97 லட்சம், மீதி 216 மாதம். அப்போது வட்டி 9.25% ஆகிறது. ஒரு மாத வட்டி மட்டுமே 29,270 ரூபாய். அதே 30,415 ரூபாயைக் கட்டிக்கொண்டிருந்தால் அசலில் கழிவது ஆயிரத்துச் சொச்சம்தான். 216 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 427 மாதத்துக்கு, அதாவது 35 வருடத்துக்கு மேல் போய் நிற்கிறது. ஓய்வுபெறும் வயது வரம்பு குறுக்கே நிற்பதால் வங்கிகள் அவ்வளவு தூரம் விடுவதில்லை, ஏதோ ஓரிடத்தில் தவணையையும் ஏற்றிவிடும். ஆனாலும் 18 வருடம் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு 25 வருடம் என்ற அறிக்கை வந்தது நடந்த கதை.

இப்படி இழுபட்ட கடனில்தான் பார்ட் பேமென்ட்டின் விளைவு மிகப் பெரியது. மேலே சொன்ன நிலையில் 3 லட்சம் கட்டினால், தவணையை மாற்றாமலே 427 மாதம் 283 மாதமாகச் சுருங்குகிறது. 3 லட்சத்துக்கு 12 வருடம்! தவணையின் பெரும்பகுதியை வட்டியே தின்றுகொண்டிருக்கும்போது, அசலில் குறையும் ஒவ்வொரு லட்சமும் பல மாதங்களை வெட்டும் என்பதுதான் காரணம்.

காலம் சொல்லாமல் நீட்டப்படுவது பற்றி வந்த புகார்களுக்குப் பிறகு, 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன்காரரிடம் கேட்க வேண்டும். கடன் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கட்டும் வாய்ப்பைத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதுவரை கட்டிய அசல், வட்டி, மீதித் தவணைகளின் எண்ணிக்கை, வருட வட்டி விகிதம் ஆகியவை அடங்கிய அறிக்கையைக் கொடுக்க வேண்டும். அந்தக் காலாண்டு அறிக்கையைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். மீதித் தவணைகளின் எண்ணிக்கை நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

2025-ல் ரெப்போ விகிதம் 1.25 சதவிகிதம் இறங்கியது. அந்தக் குறைவு உங்கள் கடனுக்கு வந்ததா, வந்தது காலத்தில் கழிந்ததா தவணையில் கழிந்ததா என்பதையும் அதே தாளில் பார்க்கலாம்.

பணம் கட்டும் நாளில்

பார்ட் பேமென்ட்டில் தவறு நடப்பது கணக்கில் அல்ல, கட்டும் முறையில். நெட் பேங்கிங்கில் கடன் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சில இடங்களில் அது உடனே அசலில் கழிந்துவிடும். சில நிறுவனங்களில் அது முன்கூட்டிக் கட்டிய தவணையாக எடுத்துக்கொள்ளப்பட்டு, அடுத்தடுத்த மாதங்களின் தவணைக்கு ஒதுக்கப்படும். அப்படி நடந்தால் காலமும் குறையாது, தவணையும் குறையாது. கணக்கில் பணம் சும்மா கிடக்கும்.

அதனால் பணத்தோடு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போக வேண்டும். 'இந்தத் தொகையை அசலில் கழிக்கவும். தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்' என்றோ, 'காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைக்கவும்' என்றோ தெளிவாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுடைய கணினியில் எது இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் நடக்கும். புதிய தவணை அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.

சரியாகக் கழிந்ததா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அடுத்த மாதத் தவணையில் வட்டி எவ்வளவு என்று பாருங்கள். நம் கணக்கில் 24,969 ரூபாயாக இருந்த மாத வட்டி, 5 லட்சம் கழிந்தபின் 21,428 ரூபாயாக இறங்கியிருக்க வேண்டும். அதாவது கட்டிய தொகைக்கு ஒரு மாத வட்டி எவ்வளவோ, சுமார் 3,541 ரூபாய், அது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் பணம் அசலுக்குப் போகவில்லை. (மாதத்தின் நடுவில் கட்டியிருந்தால் முழுக் குறைவு அதற்கடுத்த மாதம்தான் தெரியும்.)

கட்ட எந்தத் தேதி நல்லது என்றும் கேட்கிறார்கள். தினசரி பாக்கிக்கு வட்டி போடும் கடனாக இருந்தால் பணம் கையில் வந்த அன்றே கட்டிவிடலாம், தவணைத் தேதிக்குக் காத்திருப்பதில் பயனில்லை.

அபராதம் உண்டா?

தனிநபர் பெயரில் ஃப்ளோட்டிங் வட்டியில் இருக்கும் வீட்டுக் கடனுக்கு இல்லை. ஒரு காலத்தில் பாக்கித் தொகையில் 2% வரை வாங்கிய நிறுவனங்கள் உண்டு. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்குத் தேசிய வீட்டுவசதி வங்கி 2010, 2011-ஆம் ஆண்டுகளில் கட்டுப்பாடு போட்டது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதம் தடை விதித்தது. 2025 ஜூலையில் வந்த புதிய விதிமுறை, 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு இதை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது. பணம் சொந்தப் பணமா, வேறு வங்கியில் வாங்கியதா என்று கேட்கக்கூடாது. இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டலாம் என்றும் சொல்லக்கூடாது. முதல் சில வருடம் நிலையான வட்டி, பிறகு ஃப்ளோட்டிங் என்று இருக்கும் கலப்புக் கடனில், கட்டும் நாளில் எந்த வட்டி ஓடுகிறது என்பதைப் பொறுத்து விதி பொருந்தும். முழுக்க நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

மொத்தமாக முடிப்பதா?

இப்போது முழுவதுமாக அடைப்பதற்கு வருவோம். கடைசி வருடங்களில் தவணையின் பெரும்பகுதி அசல்தான், வட்டியெல்லாம் ஏற்கெனவே கட்டியாயிற்று, இனிமேல் முன்கூட்டி அடைத்துப் பயனில்லை என்று ஒரு பேச்சு உண்டு. படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். இது தவறு.

அதே 40 லட்சக் கடன், பார்ட் பேமென்ட் எதுவும் இல்லாமல், 15 வருடம் ஓடியிருக்கிறது. மீதி 60 தவணை. பாக்கி அசல் 16.92 லட்சம். தவணைப்படியே கட்டினால் இன்னும் 20.83 லட்சம் போகும். இன்றே அடைத்தால் 3.91 லட்சம் மிச்சம். முதலில் பார்த்த 10 லட்சத்தோடு ஒப்பிட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் 16.92 லட்சத்துக்கு இந்த மாத வட்டி 11,985 ரூபாய். அதே பணத்தை 7% வைப்புநிதியில் போட்டால் மாதம் கிடைப்பது 9,870 ரூபாய், அதற்கும் வருமான வரி உண்டு. பாக்கி அசலின் ஒவ்வொரு ரூபாயும் முதல் வருடத்தில் எந்த விகிதத்தில் வட்டி கேட்டதோ அதே விகிதத்தில்தான் பதினாறாவது வருடத்திலும் கேட்கிறது. மொத்த மிச்சம் குறைவாக இருப்பதற்குக் காரணம், மீதிக் காலம் குறைவு என்பது மட்டுமே.

அப்படியானால் பணம் இருந்தால் உடனே அடைத்துவிடலாமா? அடைத்தபின் கையில் என்ன மிஞ்சும் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 20 லட்சம் பணிக்கொடை வாங்கி ஓய்வுபெறும் ஒருவர் 16.92 லட்சத்தைக் கடனில் போட்டுவிட்டால் கையில் 3 லட்சம்தான் நிற்கும். ஒரு மருத்துவமனைச் செலவு வந்தால், அடைத்த கடனிலிருந்து அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. தனிநபர் கடன் வாங்க வேண்டிவரும், அதன் வட்டி வீட்டுக் கடனைவிட அதிகம். (ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர்டிராஃப்ட் வகைக் கடனில் மட்டும் கூடுதலாகப் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் வசதி உண்டு.)

இவருக்கு நான் சொல்லும் வழி, 10 லட்சம் மட்டும் கட்டிக் காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைப்பது. பாக்கி 6.92 லட்சம், புதிய தவணை 14,196 ரூபாய். ஓய்வூதியத்துக்குள் அடங்கும் தொகை. கையில் 10 லட்சம் இருக்கும். ஒரு வருடம் போய், செலவுகளின் அளவு தெரிந்தபின், மீதியை அடைத்துக்கொள்ளலாம். நிலையான வேலையும் ஏறும் சம்பளமும் உள்ளவருக்குக் காலத்தைக் குறைக்கச் சொன்னோம். 60 வயதில் தவணையைக் குறைப்பதே சரி.

இன்னொரு எச்சரிக்கை மெப்ஸ் வளாகத்திலும் அதைச் சுற்றியும் வேலை பார்ப்பவர்களுக்கு. கடனை முடிக்க வருங்கால வைப்புநிதியை எடுக்கலாமா என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. பி.எஃப்.-க்கு 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளுக்கும் அறிவித்த வட்டி 8.25%. ஏறக்குறைய அதே வட்டியில் ஓடும் கடனை அடைக்க அந்தப் பணத்தைக் கலைப்பதில் லாபம் இல்லை, முதுமைக்கான பாதுகாப்புதான் போகும். நகைக் கடனும் கிரெடிட் கார்டு பாக்கியும் இருந்தால் அவற்றை முதலில் அடையுங்கள்.

வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருப்பவர்களும் ஒரு கணக்குப் போட வேண்டும். பழைய வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது கிடையாது. புதிய முறைக்கு மாறிவிட்டவர், வரிக்காகத்தான் கடனை வைத்திருக்கிறேன் என்று சொல்வதில் பொருளில்லை.

பணம் கட்டினால் முடிந்துவிடாது

கடனை அடைப்பதென்று முடிவானால் முதலில் ஃபோர்குளோஷர் அறிக்கை கேளுங்கள். பாக்கி அசல், அந்தத் தேதிவரையான வட்டி, பழைய கட்டண பாக்கிகள், ஒரு நாள் தள்ளிப்போனால் கூடும் வட்டி ஆகியவை அதில் இருக்கும். 16.92 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 394 ரூபாய். அறிக்கையின் தேதி தாண்டிக் கட்டி, சில நூறு ரூபாய் குறைந்துபோய்க் கணக்கு மூடப்படாமல் கிடப்பது உண்டு. தவணைத் தேதிக்கு ஓரிரு நாள் முன்பு அடைத்தால், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் உத்தரவு ஏற்கெனவே போயிருக்கும், தவணையும் பிடிபடும். தவணை போன சில நாள் கழித்து அடைப்பது வசதி. கடன் முடிந்ததும் அந்த உத்தரவை ரத்து செய்து, கொடுத்திருந்த காசோலைகளைத் திரும்ப வாங்குங்கள். கடனோடு காப்பீடு எடுத்திருந்தால் மீதிக் காலத்துக்கான பிரீமியம் ஏதாவது திரும்ப வருமா என்றும் கேளுங்கள்.

அசல் பத்திரங்கள் 30 நாளுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கியின் விதி. நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் தொலைந்திருந்தால் நகல் பெற அவர்களே செலவு செய்து உதவ வேண்டும், அதற்கு இன்னும் 30 நாள் அவகாசம். கடன் வாங்கும்போது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். கிரயப் பத்திரம் வந்துவிட்டதே என்று மூலப் பத்திரங்களை எண்ணாமல் வருபவர்கள் விற்கும்போதுதான் தவிக்கிறார்கள். விதிப்படி நடக்காவிட்டால் முதலில் அந்த நிறுவனத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் வங்கிமீது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும், வீட்டுக் கடன் நிறுவனத்தின்மீது தேசிய வீட்டுவசதி வங்கியிடமும் போகலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. பலர் விட்டுவிடுவது இதைத்தான். இங்கே கடன் வாங்கும்போது பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்ததை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். எம்.ஓ.டி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அந்தப் பதிவு வில்லங்கச் சான்றில் ஏறி நிற்கும். கடனைக் கட்டியதால் மட்டும் அது நீங்காது. வங்கி அதிகாரி வந்து கையெழுத்திட்டு, அதே அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவு செய்ய வேண்டும். தாம்பரத்தில் பதிவானது என்றால் தாம்பரத்தில், கூடுவாஞ்சேரியில் பதிவானது என்றால் கூடுவாஞ்சேரியில். அதோடு செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவகத்தில் இருக்கும் அடமானக் குறிப்பையும் வங்கி நீக்க வேண்டும். கடன் தகவல் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்ட வேண்டும்.

ரசீது பதிவாகாமல் விட்டுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போதோ, பிள்ளைகள் பெயருக்கு மாற்றிய வீட்டின்மேல் அவர்கள் கடன் கேட்கும்போதோ, வாங்குபவரின் வக்கீலோ வங்கியின் வக்கீலோ ஈ.சி.-யைப் பார்த்துவிட்டு, அடமானம் நிலுவையில் இருக்கிறதே என்பார். அதற்குள் அந்தக் கிளை வேறு கிளையோடு சேர்ந்திருக்கலாம், அந்த வங்கியே இன்னொன்றோடு இணைந்திருக்கலாம். பழைய கோப்பைத் தேடிக் கையெழுத்து வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும்.

கடனை ஏற்கெனவே அடைத்தவர்கள் இந்த வாரமே tnreginet.gov.in தளத்தில் உங்கள் வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எம்.ஓ.டி. பதிவு இருந்து அதற்கான ரசீது இல்லையென்றால், கடன் முடிந்ததற்கான சான்றிதழை எடுத்துக்கொண்டு நேராக வங்கிக் கிளைக்குப் போய், பதிவுக்கு அதிகாரியை அனுப்பும்படி எழுதிக் கொடுங்கள்.